உங்களுக்குத் தெரியுமா? எண் சரி, படம் தப்பு!

35-ஐவிட 39.6 ஐந்தரை மடங்கு பெரியது! ஒரு தொலைக்காட்சித் திரையில் அப்படித்தான் தெரிந்தது. 2012-ல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் நிறுவனத்தின் வணிகச் செய்தி அலைவரிசையில் ஒரு பட்டைப் படம் காட்டினார்கள். புஷ் காலத்து வரிச்சலுகை முடிந்துபோனால் உச்சபட்ச வருமான வரி என்ன ஆகும் என்பது விஷயம். இரண்டே பட்டைகள். அப்போதைய வரி 35 சதவீதம், 2013 ஜனவரி 1 முதல் 39.6 சதவீதம். இரண்டு எண்ணும் சரி, பட்டைக்கு மேலேயே அச்சிட்டும் இருந்தார்கள். ஆனால் முதல் பட்டை தரையோடு ஒட்டிக் கிடந்தது, இரண்டாவது கோபுரமாக நின்றது. காரணம், இடப்பக்க அச்சு 0-வில் தொடங்காமல் 34-ல் தொடங்கியது. 35 சதவீதப் பட்டைக்கு 34-க்கு மேலே கிடைத்த உயரம் 1. மற்றதற்குக் கிடைத்தது 5.6. உண்மையான உயர்வு சுமார் 13 சதவீதம்தான். கண்ணுக்குத் தெரிந்தது 460 சதவீதம்.

இதை அளக்க ஒரு கணக்கு உண்டு. எட்வர்ட் டஃப்ட்டி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1983-ல் வெளியிட்ட புத்தகத்தில் அதைக் கொடுத்து, ‘பொய்க் காரணி’ என்று பொருள்படும் பெயரும் வைத்தார். படத்தில் தெரியும் மாற்றத்தை, எண்ணில் இருக்கும் மாற்றத்தால் வகுக்க வேண்டும். 1 வந்தால் படம் நேர்மையானது. 1.05-ஐத் தாண்டினாலே கவனிக்கத்தக்க திரிபு என்பது அவர் வைத்த வரம்பு. இங்கே 460-ஐ 13-ஆல் வகுத்தால் 35 வருகிறது!

✱

இந்தத் திரிபைக் கண்டுபிடிக்க ஒரு துண்டுக் காகிதம் போதும். வாட்ஸ்அப்பில் பட்டைப் படம் வந்தால், போனில் பெரிதாக்கி, காகித ஓரத்தைக் குட்டைப் பட்டையின் மேல் வைத்து உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த உயரம் நெட்டைப் பட்டையில் எத்தனை முறை அடங்குகிறது என்று பாருங்கள். பிறகு பட்டைகளின் மேலுள்ள எண்களில் பெரியதைச் சிறியதால் வகுத்துப் பாருங்கள். இரண்டு விடையும் ஒன்றாக வந்தால் படத்தை நம்பலாம். பட்டை மூன்று மடங்கு என்கிறது, எண் ஒன்றேகால் மடங்கு என்கிறது என்றால் அடிப்பகுதியை யாரோ வெட்டியிருக்கிறார்கள். அச்சில் எண்களே போடாத படங்களிலும் இந்தச் சோதனை செல்லும், பட்டை மேல் எண் இருந்தால் போதும். எண்ணும் இல்லை, அச்சும் இல்லை என்றால் அது படமே தவிரத் தகவல் இல்லை. அடுத்த மெசேஜுக்குப் போய்விடலாம்.

✱

பட்டையின் அடியை வெட்டியவர் மனிதராகவே இல்லாமலும் இருக்கலாம். எக்செல்லில் ஒரு விதி உள்ளே உட்கார்ந்திருக்கிறது. நாம் கொடுக்கும் எண்களில் மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் உள்ள வித்தியாசம், பெரிய எண்ணில் ஆறில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால், மென்பொருளே 0-வை விட்டுவிட்டு மேலிருந்து அச்சைத் தொடங்கிவிடும். மேலே பார்த்த 35-ஐயும் 39.6-ஐயும் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் 4.6, ஆறில் ஒரு பங்கு 6.6. ஆகவே அச்சு வெட்டப்படும். ஒரு பள்ளியின் தேர்ச்சி விகிதம் 91-லிருந்து 94 ஆனதை ஆண்டு மலருக்காகப் பட்டை போட்டுத் தரும் ஆசிரியருக்கு ஏமாற்றும் எண்ணம் இருக்க வாய்ப்பில்லை. அவர் பட்டனை அழுத்தினார், மற்றதை எக்செல் பார்த்துக்கொண்டது. அதனால் அடி வெட்டிய படத்தைப் பார்த்த மாத்திரத்தில் அனுப்பியவரைத் திட்ட வேண்டாம். அச்சின் மேல் வலது கிளிக் செய்து, குறைந்தபட்ச மதிப்பில் 0 என்று போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லிக் கொடுக்கலாம். திட்டுவதைவிட அது பலிக்கிறது.

✱

0-வில் தொடங்குவதாலேயே ஒரு படம் நேர்மையானது ஆகிவிடாது. பட்டைக்கு மட்டும்தான் அந்தக் கட்டாயம். பட்டையில் நம் கண் நீளத்தைப் படிக்கிறது, நீளம் என்றால் அடியிலிருந்துதான் கணக்கு. கோட்டுப் படத்தில் கண் படிப்பது சரிவை. அங்கே அச்சு எங்கே தொடங்கினாலும் குற்றமில்லை, அந்தப் பொருளுக்குப் பொருத்தமான அளவா என்பதுதான் கேள்வி.

அச்சை வெட்டுவதற்கு நேர் எதிர் வேலையைச் செய்த படம் ஒன்று 2015 டிசம்பரில் சுற்றியது. அமெரிக்காவின் நேஷனல் ரிவ்யூ இதழ், பருவநிலை மாற்றம் பற்றி நீங்கள் பார்க்க வேண்டிய ஒரே படம் இதுதான் என்று ட்விட்டரில் போட்டது. 1880 முதல் உலகின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை. கோடு தண்டவாளம் போல நேராக ஓடியது. எண்களில் கைவைக்கவில்லை. ஆனால் அச்சு மைனஸ் 10 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 110 வரை விரிந்திருந்தது.

கணக்குப் போடுவோம். அந்தக் காலகட்டத்தில் உலகம் சூடானது சுமார் 1 டிகிரி செல்சியஸ், ஃபாரன்ஹீட்டில் 1.8. அச்சின் மொத்த நீளம் 120 டிகிரி. போனில் படத்தின் உயரம் 6 சென்டிமீட்டர் என்றால், 135 ஆண்டு வெப்ப உயர்வுக்குக் கிடைத்த இடம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, கோட்டின் தடிமன் அளவுதான். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் உலகச் சராசரி இன்றையதைவிட ஐந்தாறு டிகிரி செல்சியஸ் குறைவாக இருந்தது. வட அமெரிக்காவின் பாதி பனிப்பாறைக்குள் கிடந்த அந்தக் காலம்கூட இந்தப் படத்தில் அரை சென்டிமீட்டர் பள்ளமாகத்தான் தெரிந்திருக்கும். இதே அச்சில் உங்கள் குழந்தையின் காய்ச்சலை வரையுங்கள். 98.6-லிருந்து 104-க்குப் போனது மூன்று மில்லிமீட்டர்கூட ஏறாது. டாக்டர் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்.

கோட்டுப் படம் வந்தால் கேட்க வேண்டியது: இந்தப் பொருள் சாதாரணமாக எவ்வளவு ஏறி இறங்கும்? இந்தப் பொருளில் எவ்வளவு மாறினால் பெரிய விஷயம்? உலகச் சராசரியில் ஒரு டிகிரி பெரிய விஷயம். 80,000 புள்ளியில் இருக்கும் பங்குச் சந்தைக் குறியீடு ஒரே நாளில் 240 புள்ளி இறங்குவது சின்ன விஷயம், அது 0.3 சதவீதம். ஆனால் அச்சை 79,700-லிருந்து 80,050 வரை சுருக்கிவிட்டால் அதுவே மலை உச்சியிலிருந்து விழுந்ததாகத் தெரியும்.

✱

பத்தாம் வகுப்பு கிராஃப் தாளின் வலது மூலையில் எழுதினோமே, ‘அளவுத்திட்டம்: ஒய் அச்சு 1 செ.மீ. = 10 அலகுகள்’ என்று, அந்த வரியைத்தான் பகிரப்படும் படங்களில் பெரும்பாலும் காணோம். அதை நாமே கண்டுபிடிக்கலாம். அச்சில் அடுத்தடுத்த இரண்டு எண்களைக் கழித்துப் பாருங்கள். மேலே போகப்போக அதே இடைவெளிக்கு அதே வித்தியாசம் வந்தால் சாதாரண அளவுத்திட்டம். 10, 100, 1,000, 10,000 என்று ஒவ்வொரு படியும் பத்து மடங்காகத் தாவினால் அது மடக்கை அளவுத்திட்டம். 2020-ல் கொரோனா எண்ணிக்கைக்கு உலகப் பத்திரிகைகள் பலவும் இதைத்தான் போட்டன. பெருகும் வேகத்தை ஒப்பிட அது சரியான கருவி, அதில் ஏமாற்று எதுவுமில்லை. ஆனால் அதில் கோடு வளைந்து படுப்பதைப் பார்த்து, தொற்று குறைகிறது என்று ஃபார்வர்டு செய்தவர்கள் ஏராளம். அங்கே கோடு படுத்தால் பெருகும் வேகம் தணிகிறது என்று பொருள். ஆயிரம் இரண்டாயிரமாக ஏறும் உயரமும், ஒரு லட்சம் இரண்டு லட்சமாக ஏறும் உயரமும் அதில் ஒன்றுதான்.

✱

80.73 ரூபாய் 71.41 ரூபாயைவிடக் குட்டையாக நின்ற நாள் 2018 செப்டம்பர் 10. எரிபொருள் விலை உயர்வைக் கண்டித்துக் காங்கிரஸும் மற்ற எதிர்க்கட்சிகளும் பாரத் பந்த் நடத்திய நாள் அது. அன்று பா.ஜ.க.வின் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கில், விலை உயர்வின் உண்மை இதுதான் என்ற பொருளில் ஒரு படம் வந்தது. டெல்லியில் ஒரு லிட்டர் பெட்ரோல் விலை, நான்கு பட்டைகளாக:

2004 மே 16 – ரூ.33.71
2009 மே 16 – ரூ.40.62
2014 மே 16 – ரூ.71.41
2018 செப்டம்பர் 10 – ரூ.80.73

பட்டைகளுக்கு இடையே உயர்வு விகிதங்கள்: 20.5, 75.8, 13 சதவீதம். வகுத்துப் பாருங்கள், மூன்றும் சரி. விலைகளும் சரி. ஆனால் நான்காவது பட்டை மூன்றாவதைவிடக் குட்டை! 13 என்பது 75.8-ஐவிடச் சின்ன எண் என்பதைக் காட்ட வரைந்த பட்டைக்கு, ரூபாயைச் சீட்டாக ஒட்டிவிட்டார்கள். விலையும் உயர்வு விகிதமும் வேறுவேறு அலகுகள், ஒரே பட்டையில் இரண்டும் குடியிருக்க முடியாது. ட்விட்டரில் அன்று முழுவதும் கேலி பறந்தது. காங்கிரஸும் பட்டையை நிமிர்த்தி ஒரு படம் போட்டது.

கேலி நியாயம்தான். ஆனால் அந்தக் கேலியோடு பலரும் நின்றுவிட்டார்கள், இந்தப் படத்தில் அதைவிட ருசியான சங்கதி தேதிகளில் இருக்கிறது.

கட்சி சொல்ல வந்ததை நேர்மையாகவே சொல்லியிருக்கலாம். 20.5, 75.8, 13 என்று மூன்று சதவீதப் பட்டைகளை 0-விலிருந்து வரைந்திருந்தால் எவரும் வாய் திறந்திருக்க முடியாது. ‘எங்கள் காலத்தில் விலை உயர்ந்தது, ஆனால் வேகம் குறைவு’ என்ற வாதம் அந்த எண்களில் இருக்கிறது. சரி, அந்த வாதம் எவ்வளவு தாங்கும்?

முதலில், காலம் சமமில்லை. முதல் இரண்டும் ஐந்தைந்து ஆண்டுகள், மூன்றாவது நான்கு ஆண்டு நான்கு மாதம். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 2009 முதல் 2014 வரை லிட்டருக்கு ஆண்டுக்கு ஆறு ரூபாய்க்குச் சற்று மேல், அதற்குப் பிறகு இரண்டு ரூபாய்க்குச் சற்று மேல். இதில் வாதம் பிழைத்துக்கொள்கிறது.

இரண்டாவது, தொடக்கப் புள்ளி. மே 16 என்பது 2009-லும் 2014-லும் வாக்கு எண்ணிக்கை நடந்த நாள். ஆட்சிக் காலத்தைப் பிரிக்க அதுவே இயல்பான தேதி, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பெட்ரோல் விலைக்குத் தேர்தல் நாள்காட்டி தெரியாது. 2008 ஜூலையில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது, டெல்லியில் பெட்ரோல் அந்தக் கோடையிலேயே 50 ரூபாயைத் தாண்டியிருந்தது. அதற்குப் பின் உலகப் பொருளாதாரம் சரிந்தது, கச்சா எண்ணெயும் விழுந்தது. 2008 டிசம்பரிலும் 2009 ஜனவரியிலும் ஐந்தைந்து ரூபாயாக இரண்டு முறை விலையைக் குறைத்தார்கள். அப்படி வந்ததுதான் 40.62. அந்தப் பள்ளத்திலிருந்து அளந்தால் 2014 வரை உயர்வு 75.8 சதவீதம். பத்து மாதம் முன்னால், 2008 கோடையிலிருந்து அளந்தால் அதே 71.41 வரை உயர்வு சுமார் 41 சதவீதம்.

இப்போது அடுத்த பக்கம் திரும்புவோம். 2014-ன் பிற்பகுதியில் கச்சா எண்ணெய் மறுபடி சரிந்தது. 2015 பிப்ரவரியில் டெல்லியில் பெட்ரோல் 57 ரூபாய்க்கும் கீழே வந்தது. பா.ஜ.க.வுக்கு எதிராகப் படம் போட நினைப்பவர் அங்கிருந்து கோட்டைத் தொடங்கினால் 2018 செப்டம்பர் வரை உயர்வு 40 சதவீதத்தைத் தாண்டும். 13 சதவீதம் என்பதும் உண்மை, 40 சதவீதத்துக்கு மேல் என்பதும் உண்மை. வித்தியாசம் ஒன்பது மாதத் தொடக்கப் புள்ளி மட்டுமே. ஒரே விலைப் பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டு கட்சியும் தத்தம் ஃபார்வர்டு தயாரிக்கலாம், இரண்டிலும் ஒரு எண்கூடப் பொய்யாக இருக்காது. நான்கு பட்டை மட்டும் போட்டால் இடையிலிருந்த அந்த மேடும் பள்ளமும் மொத்தமாக மறைந்துபோகும். அதனால்தான் நான்கைந்து புள்ளிகளால் ஆன விலைப் படத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வருகிறது. பெட்ரோல் விலையைத் தினமும் நிர்ணயிக்கும் முறை 2017 ஜூன் 16-ல் நாடு முழுவதும் வந்தது, எண்ணுக்குப் பஞ்சமே இல்லை.

மூன்றாவது, படத்தில் இல்லாத கோடு. 2009 மே மாதம் கச்சா எண்ணெய் பீப்பாய் 60 டாலர் அளவில் இருந்தது, 2014 மே மாதம் 100 டாலருக்கு மேல். 2018 செப்டம்பரில் 80-க்குக் கீழ். மூலப்பொருள் விலை குறைந்தும் பங்க்கில் விலை ஏறியிருக்கிறது என்றால் நடுவில் வேறு ஏதோ ஏறியிருக்க வேண்டும். டாலர் 59 ரூபாய் அளவிலிருந்து 72-ஐத் தாண்டியது ஒன்று. லிட்டருக்கு ரூ.9.48 ஆக இருந்த மத்திய கலால் வரி ரூ.19.48 ஆனது மற்றொன்று. இந்த இரண்டும் நான்கு பட்டைக்குள் வராது.

தினசரி விலை வேண்டுமென்றால் மத்திய பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழுள்ள திட்டமிடல், பகுப்பாய்வுப் பிரிவு டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை விலைகளைத் தன் தளத்தில் போட்டு வைத்திருக்கிறது. ppac.gov.in என்று தட்டினால் வரும். ஃபார்வர்டில் வந்த படத்தின் தொடக்கத் தேதிக்கு ஓராண்டு முன்னால் போய் விலை என்ன என்று பாருங்கள். அது ஒன்றே முக்கால்வாசி வழக்கைத் தீர்த்துவிடும்.

✱

ஓராண்டு தள்ளித் தொடங்கினால் உலகம் சூடாவதே பாதி வேகமாகிவிடும். 1998-க்குப் பிறகு உலகம் சூடாகவில்லை என்று சொல்லும் படங்கள் ஒரு காலத்தில் ஓயாமல் பகிரப்பட்டன. ஏன் 1998? ஏன் 1995 இல்லை? 1997-98-ல் பசிபிக் பெருங்கடலில் கடுமையான எல் நினோ வந்து அந்த ஆண்டு வெப்பநிலை எகிறி நின்றது. மேட்டில் ஏறி நின்று பார்த்தால் அதற்குப் பிந்தைய ஆண்டுகள் சமதரையாகத்தான் தெரியும்.

ஐ.நா.வின் பருவநிலை மாற்றக் குழு, ஐ.பி.சி.சி., தன் ஐந்தாவது அறிக்கையில் இதை எண்ணால் காட்டியது. 1998-ல் தொடங்கும் 15 ஆண்டுகளில் வெப்ப உயர்வு பத்தாண்டுக்கு 0.05 டிகிரி செல்சியஸ். 1997-ல் தொடங்கினால் 0.07. 1996-ல் தொடங்கினால் 0.14. 1995 என்றால் 0.13. நான்கும் 15 ஆண்டுக் காலங்களே. தொடக்கம் இரண்டாண்டு நகர்ந்ததும் விடை ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. 1951 முதல் 2012 வரை நீண்ட காலத்துக்கு எடுத்தால் 0.12.

தொடக்க ஆண்டைச் சற்று முன்பின் நகர்த்தியதும் முடிவே மாறிவிடுகிறதென்றால், அந்த முடிவு தரவில் இல்லை, தொடக்க ஆண்டில்தான் இருக்கிறது. நீண்ட காலக் கணக்கு இப்படி ஆடாது. விவரமே தெரியாத துறையிலும் இந்தச் சோதனையைப் போடலாம். 1998, 2011, 2017 மாதிரி உருண்டையில்லாத ஆண்டில் ஒரு படம் தொடங்கினால், அந்த ஆண்டில் என்ன நடந்தது என்று ஒரு நிமிடம் தேடுங்கள். பெரும்பாலும் ஏதாவது நடந்திருக்கும்.

✱

0 மேலே, 800 கீழே. 2014-ல் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட ஒரு படத்தில் ஃபுளோரிடாவின் துப்பாக்கிக் கொலைகள். தற்காப்புக்காகச் சுடுவதை எளிதாக்கிய சட்டம் அங்கே 2005-ல் வந்தது. அந்த ஆண்டுக்குப் பின் கோடு சரேலென்று கீழே விழுகிறது. சட்டம் பலித்துவிட்டது என்று பார்த்தவர் பலர். அவர்கள் அச்சைப் பார்க்கவில்லை: அது தலைகீழ். கொலைகள் 521-லிருந்து ஏறி, சில ஆண்டுகளில் 700-ஐத் தாண்டியிருந்தன. வரைந்தவருக்குக் கெட்ட நோக்கம் இல்லை, மேலிருந்து ரத்தம் வழிவதைப் போலக் காட்ட நினைத்திருக்கிறார். அழகு ஜெயித்தது, பொருள் தோற்றது.

✱

இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்துக்குப் பெரும்பாலும் அர்த்தமே கிடையாது. 2015 செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றில், ஜேசன் சாஃபெட்ஸ் என்ற உறுப்பினர் ஒரு படத்தைக் காட்டினார். பிளான்ட் பேரன்ட்ஹுட் என்ற சுகாதார அமைப்பின் சேவைகள். புற்றுநோய்ப் பரிசோதனைகள் 2006-ல் 20,07,371-ஆக இருந்து 2013-ல் 9,35,573-ஆகக் குறைந்ததை ஒரு அம்பு காட்டியது. கருக்கலைப்புகள் 2,89,750-லிருந்து 3,27,000 ஆனதை மற்றொரு அம்பு காட்டியது. இரண்டும் நடுவில் வெட்டி, கருக்கலைப்பு அம்பு பரிசோதனை அம்புக்கு மேலே போய் நின்றது. ஆக, 3,27,000 உயரத்தில் 9,35,573-ஐத் தாண்டிவிட்டது!

இடப்பக்கம் அச்சு என்று ஒன்று இருந்திருந்தால் இது நடந்திருக்காது. ஒரே அளவுத்திட்டத்தில் வரைந்தால் மேல்கோடு பாதியாக இறங்கும், கீழ்க்கோடு லேசாக நிமிரும், 2013-லும் நடுவே ஆறு லட்சம் இடைவெளி இருக்கும். பரிசோதனை குறைந்தது உண்மை, அது கேட்க வேண்டிய கேள்வியும்கூட. ஆனால் ஒன்று மற்றொன்றை முந்திவிட்டது என்ற செய்தி எண்ணில் இல்லை, அம்பு வரைந்த கையில் இருந்தது.

இதன் நாசூக்கான தம்பி, இடது பக்கம் ஒரு அச்சும் வலது பக்கம் வேறொரு அச்சும் வைத்த படம். இரண்டு அச்சையும் தனித்தனியே இழுத்துச் சுருக்க முடியும் என்பதால், எந்த இரண்டு கோட்டையும் எந்த ஆண்டிலும் சந்திக்க வைக்கலாம். வலது ஓரத்தில் எண்கள் இருந்தால் எந்தக் கோடு எந்தப் பக்கத்து எண்ணுக்குச் சொந்தம் என்று முதலில் பாருங்கள்.

✱

மே 1-க்குப் பிறகு ஏப்ரல் 30 வந்த படம் ஒன்று உண்டு. 2020 மே மாதம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை, கொரோனா அதிகமுள்ள ஐந்து மாவட்டங்களின் நிலவரத்தைப் பட்டைகளாகத் தன் தளத்தில் போட்டது. இடமிருந்து வலமாகப் படி இறங்குவது போலத் தொற்று குறைந்துகொண்டே வந்தது. கீழே பொடி எழுத்தில் இருந்த தேதிகளைப் படித்தவர்கள் திகைத்தார்கள். ஏப்ரல் 28, அடுத்து 27, அடுத்து 29, பிறகு மே 1, பிறகு ஏப்ரல் 30... காலவரிசையில் அடுக்காமல், பட்டைகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கியிருந்தார்கள். போதாததற்கு ஒவ்வொரு தேதியிலும் ஐந்து மாவட்டங்களின் வரிசையும் மாறியது. குட்டு வெளிப்பட்டதும் மாநில ஆளுநர் அலுவலகம் மன்னிப்புக் கேட்டது, படமும் தேதி வரிசைக்கு மாறியது. படிக்கட்டு காணாமல் போய், ஏற்ற இறக்கம் தெரிந்தது.

தேதிகளைச் சரியாக அடுக்கிய படத்திலும் கடைசிப் பட்டைகளை நம்புவதற்கு முன் யோசிக்க வேண்டும். நோய் எண்ணிக்கையில் பரிசோதனை முடிவு வந்து சேர நாளாகும். அறிகுறி தொடங்கிய நாளை வைத்து வரைந்தால் கடைசி இரண்டு வாரம் எப்போதுமே சரிவாகத்தான் தெரியும், பிறகு விவரம் வரவர அந்தப் பட்டைகள் வளரும். ஆண்டுக் கணக்கிலும் இது உண்டு. விபத்து, ஏற்றுமதி, புதிய கார் விற்பனை என்று ஆண்டுவாரியாகப் போட்ட படத்தில் நடப்பு ஆண்டின் பட்டை பாதி உயரத்தில் நின்றால், அந்தப் பட்டைக்குள் எத்தனை மாதம் இருக்கிறது என்று படத்தின் அடிக்குறிப்பில் தேடுங்கள். ஜூன் வரை மட்டும் என்றிருந்தால், சென்ற ஆண்டின் ஜனவரி முதல் ஜூன் வரையிலான எண்ணோடுதான் அதை ஒப்பிட வேண்டும். அடிக்குறிப்பையே யாரோ வெட்டிவிட்டு அனுப்பியிருந்தால், படம் முதலில் வெளியான தேதியைத் தேடிப் பிடியுங்கள். அதிகபட்சம் எத்தனை மாதம் இருக்க முடியும் என்பதாவது அதிலிருந்து தெரிந்துவிடும்.